ரெக்ரூட்டரிடமிருந்து பதிலே இல்லையா? டீம் மெயில் ஐடிக்கு எழுதும் முறை

மூன்று சுற்று நேர்காணலும் முடிந்துவிட்டது. கடைசிச் சுற்றில் மேனேஜர் நன்றாகவே பேசினார். எவ்வளவு சம்பளம் எதிர்பார்க்கிறீர்கள், நோட்டீஸ் பீரியட் எத்தனை நாள் என்றெல்லாம் கேட்டுக் குறித்துக்கொண்டார்கள். "அடுத்த வாரத்துக்குள் சொல்லிவிடுகிறோம்" என்று ரெக்ரூட்டர் போனில் சொன்னார். அதோடு சரி. மெயில் போட்டால் பதில் இல்லை, போன் அடித்தால் எடுப்பதில்லை, வாரங்கள் ஓடுகின்றன.

இந்த இடத்தில் பலர் மனம் விட்டுப்போய் ஒதுங்கிவிடுகிறார்கள். சிலர் கோபத்தில் அந்த ரெக்ரூட்டரின் பெயரைப் போட்டு லிங்க்ட்இன்னில் எழுதிவிடுகிறார்கள். இரண்டுக்கும் நடுவில் முறையான வழி ஒன்று இருக்கிறது. பெரிய நிறுவனங்களின் ஆள்சேர்ப்புப் பிரிவுக்கென்று ஒரு பொதுவான மெயில் ஐடி பெரும்பாலும் இருக்கும். `careers@`, `recruitment@`, `talent@` என்று ஏதாவது ஒரு பெயரில் தொடங்கி நிறுவனத்தின் பெயரில் முடியும். பலர் பார்க்கும் அந்த ஐடிக்கு மரியாதையாக ஒரு மெயில் எழுதி, நம் விண்ணப்பம் எங்கே நிற்கிறது என்று கேட்கலாம்.

கேட்கத் தயங்குவதற்குக் காரணம் ஒன்றுதான். "அவரைப் போட்டுக் கொடுத்தது போல ஆகிவிடுமோ? கிடைக்கவிருந்த வேலையும் போய்விடுமோ?" என்ற பயம். மெயில் எழுதும் விதம் சரியாக இருந்தால் இந்தப் பயத்துக்கு இடமே இல்லை. தனிமனிதர் மேல் புகார் சொல்வது வேறு, காணாமல் போன ஒரு ஃபைலைத் தேடித் தரும்படி கேட்பது வேறு. நாம் செய்யப்போவது இரண்டாவது வேலை. மெயிலில் எதை எழுதுவது, எதை விடுவது என்பதையெல்லாம் அதை வைத்தே முடிவு செய்துகொள்ளலாம்.

பதில் ஏன் வருவதில்லை?

ரெக்ரூட்டர் நம்மைத் தேர்ந்தெடுப்பவர் அல்ல. தேர்ந்தெடுப்பது ஆள் கேட்கும் பிரிவின் மேனேஜர். சம்பளத்துக்கு ஒப்புதல் தருவது வேறு ஒருவர். இருவருக்கும் நமக்கும் இடையில் செய்தி கொண்டுபோகிறவர்தான் ரெக்ரூட்டர். மேனேஜர் தன் கருத்தை சிஸ்டத்தில் பதிவு செய்யவில்லை என்றால் ரெக்ரூட்டரிடம் சொல்வதற்கு எதுவும் இருக்காது. "இன்னும் தெரியவில்லை" என்றுகூட ஒரு வரி எழுதலாம்தான். ஆனால் ஒரே நேரத்தில் பத்து, இருபது பணியிடங்களைக் கையில் வைத்திருப்பவர், முடிவு வந்த பிறகு எழுதிக்கொள்ளலாம் என்று தள்ளிப்போடுகிறார். தள்ளிப்போட்டது மறந்துபோகிறது.

பணியிடமே நிறுத்தி வைக்கப்பட்டிருக்கலாம். ஆள்சேர்ப்புக்காரர்கள் இதை 'ஆன் ஹோல்ட்' என்பார்கள். இதை வெளியே சொல்லலாமா கூடாதா என்பதுகூட ரெக்ரூட்டருக்குத் தெளிவாகச் சொல்லப்பட்டிருக்காது. வேறொருவருக்கு ஆஃபர் கொடுத்துவிட்டு, அவர் வந்து சேருவாரா என்று பார்ப்பதற்காக நம்மை இரண்டாவது இடத்தில் காத்திருக்க வைத்திருக்கலாம். இந்தியாவில் 60 நாள், 90 நாள் நோட்டீஸ் பீரியட் சாதாரணம் என்பதால், அந்தக் காத்திருப்பு மாதக்கணக்கில் நீளவும் கூடும்.

மேலே சொன்னதில் எதுவுமே இல்லாமல் இன்னொன்றும் நடக்கும். ரெக்ரூட்டர் அங்கே இல்லாமலே போயிருப்பார். ஆள்சேர்ப்புப் பிரிவில் பலர் ஒப்பந்த முறையில் வேலை பார்க்கிறவர்கள். ஒப்பந்தம் முடிந்திருக்கும், வேறு வேலைக்குப் போயிருப்பார், நீண்ட மருத்துவ விடுப்பிலோ பேறுகால விடுப்பிலோ இருப்பார். அவர் கையில் இருந்த பணியிடங்களை இன்னொருவருக்கு மாற்றியிருப்பார்கள், ஆனால் அவருடைய இன்பாக்ஸில் வந்து விழும் நம் மெயிலை யாரும் பார்ப்பதில்லை. டீம் மெயில் ஐடிக்கு எழுதுவதால் முழுப் பயன் கிடைப்பது இந்த நிலைமையில்தான். மேனேஜர் நம்மை எடுக்கலாம் என்று சொல்லியும், நம்மைக் கூப்பிட ஆள் இல்லாமல் ஃபைல் கிடக்கக்கூடும்.

இது நடந்திருப்பதைச் சில அறிகுறிகளால் கண்டுபிடிக்கலாம். அனுப்பிய மெயில் திரும்பி வந்து, இப்படி ஒரு முகவரி இல்லை என்று அறிவிப்பு வந்தால் அந்தக் கணக்கு மூடப்பட்டுவிட்டது என்று பொருள். அதற்குப் பிறகு நினைவூட்டல் மெயிலுக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை, அன்றைக்கே டீம் மெயில் ஐடிக்கு எழுதலாம். விடுப்பில் இருப்பதாகத் தானியங்கிப் பதில் வந்தால் அதைக் கடைசி வரி வரை படியுங்கள். யாரைத் தொடர்புகொள்ள வேண்டும் என்று அடியில் எழுதியிருப்பார்கள், பலர் முதல் வரியைப் பார்த்துவிட்டு மூடிவிடுகிறார்கள்.

அந்தப் பொது ஐடிக்குள் என்ன நடக்கிறது?

இதைத் தெரிந்துகொண்டால் மெயில் எழுதும் விதமே மாறிவிடும். டீம் மெயில் ஐடி என்பது ஒரே ஒருவருடைய பெட்டி அல்ல. குழுவில் உள்ள பலருக்கும் அதைத் திறந்து பார்க்கும் அனுமதி இருக்கும். பொதுவாக ஒருவரோ இருவரோ முறை வைத்து அதைப் பார்த்து, வந்த மெயில்களைப் பிரித்து, உரியவருக்கு அனுப்புவார்கள். சில நிறுவனங்களில் மெயில் வந்த உடனே ஒரு டிக்கெட் எண் தானாக உருவாகி நமக்கும் வந்துசேரும். அரசு அலுவலகத்தின் தபால் பிரிவில் மனுவுக்கு வரிசை எண் போட்டு உரிய சீட்டுக்கு அனுப்புகிறார்களே, ஏறக்குறைய அதே வேலைதான்.

அந்தப் பெட்டிக்கு எல்லாமே வரும். வேலை கேட்டு அனுப்பப்பட்ட ரெஸ்யூமேக்கள், ஆள் தருகிறோம் என்னும் கன்சல்டன்சிகளின் விளம்பரங்கள், ரிலீவிங் லெட்டர் கேட்கும் பழைய ஊழியர்களின் கடிதங்கள் எல்லாம் அதில் கலந்து கிடக்கும். பிரித்து அனுப்புகிறவருக்கு உங்களைத் தெரியாது, உங்கள் மூன்று சுற்று நேர்காணலும் தெரியாது. அவர் கண் முதலில் போவது மெயிலின் தலைப்பு வரிக்கு. அதில் ஜாப் ஐடி இருந்தால் அதை விண்ணப்பங்களைக் கையாளும் மென்பொருளில் போட்டுத் தேடுவார். எந்தப் பணியிடம், யார் ரெக்ரூட்டர், எந்தக் கட்டத்தில் நிற்கிறது என்று ஒரே பக்கத்தில் வந்துவிடும். ஜாப் ஐடி இல்லாமல் 'ஜென்டில் ரிமைண்டர்' என்றோ, 'எனி அப்டேட்?' என்றோ மட்டும் தலைப்பு இருந்தால் அவருக்குத் தேடத் தொடங்கும் இடமே கிடைக்காது. பெயரை மட்டும் வைத்துத் தேடுவதும் கடினம். கார்த்திக், பிரியா என்ற பெயர்களில் அந்த மென்பொருளில் எத்தனை பேர் இருப்பார்கள் என்று நினைத்துப் பாருங்கள்.

இன்னொரு நுணுக்கமும் இருக்கிறது. வசதிக்காக இருக்கட்டுமே என்று ரெஸ்யூமேயை இணைத்து அனுப்புவார்கள். அதுதான் சிக்கலாகிவிடும். ரெஸ்யூமேயோடு வரும் மெயிலை அவசரமாகப் பிரிப்பவர் புது விண்ணப்பம் என்றே எடுத்துக்கொள்வார். "எங்கள் இணையதளத்தில் விண்ணப்பியுங்கள்" என்ற ஆயத்தப் பதில் வந்துவிடும், உங்கள் கேள்வி அங்கேயே முடிந்துபோகும். ரெஸ்யூமே ஏற்கெனவே அவர்கள் சிஸ்டத்தில் இருக்கிறது, மறுபடி வேண்டாம். ஆதார், பான், சம்பளச் சீட்டு, வங்கிக் கணக்கு விவரம் எதையும் இந்த ஐடிக்கு அனுப்பவே கூடாது. பலர் திறக்கும் பெட்டி அது.

எப்போது எழுதலாம்?

ஒரு நிலைமையை நாள்வாரியாக வைத்துப் பார்ப்போம். கோவையில் ஐந்து ஆண்டு அனுபவம் உள்ள ஒரு டெஸ்டிங் இன்ஜினியர், சென்னை பழைய மகாபலிபுரம் சாலையில் உள்ள ஒரு நிறுவனத்துக்கு விண்ணப்பித்திருக்கிறார் என்று கொள்வோம். மூன்றாம் சுற்று நடந்தது 2025 செப்டம்பர் 9, செவ்வாய்க்கிழமை. 19-ஆம் தேதி வெள்ளிக்குள் முடிவு சொல்வதாக ரெக்ரூட்டர் சொல்லியிருக்கிறார்.

சொன்ன தேதி தாண்டிய மறுநாளே மெயில் போட வேண்டியதில்லை. சனி, ஞாயிறு கழிந்து 23-ஆம் தேதி முதல் நினைவூட்டல் போகிறது. பதில் இல்லை. ஐந்து வேலை நாள் விட்டு 30-ஆம் தேதி இரண்டாவது. அதற்கு மறுநாளும் அடுத்த நாளும் ஆயுத பூஜை, விஜயதசமி விடுமுறை. அந்த வாரத்தின் மௌனத்தைக் கணக்கில் சேர்க்கவே கூடாது. அக்டோபர் 6, திங்களன்று பிற்பகலில் ஒரு முறை போன் செய்கிறார், எடுக்கவில்லை. 8-ஆம் தேதி மூன்றாவது மெயில், இந்த முறை இரண்டே வரி. இத்தனைக்கும் பிறகும் பதில் வராதபோது, அக்டோபர் 14, செவ்வாய்க்கிழமை டீம் மெயில் ஐடிக்கு எழுதுகிறார்.

ஏன் 14? அக்டோபர் 20 திங்கட்கிழமை தீபாவளி. அதற்கு முந்தைய வெள்ளிக்கிழமையே பாதிப் பேர் ஊருக்குக் கிளம்பிவிடுவார்கள். செவ்வாயன்று எழுதினால் மூன்று நான்கு வேலை நாள் கிடைக்கிறது. இன்னொரு காரணமும் இருக்கிறது. அவர் கையில் வேறொரு நிறுவனத்தின் ஆஃபர் வந்திருக்கிறது, அதற்கு 24-ஆம் தேதிக்குள் சம்மதம் சொல்ல வேண்டும்.

எல்லாருக்கும் இதே இடைவெளிதான் என்று இல்லை. பதில் வராத நினைவூட்டல் இரண்டு மூன்று இருக்கட்டும், ஒவ்வொன்றுக்கும் நடுவில் ஒரு வேலை வாரமாவது இருக்கட்டும், ஒரு முறையாவது வேறு வழியில், அதாவது போனில், முயன்றிருக்கட்டும். இவ்வளவு செய்த பிறகு டீமுக்கு எழுதினால் அவசரக்காரர் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். ஆனால் ஆஃபர் லெட்டர் கையெழுத்தாகி, சேரும் தேதி நெருங்கிவிட்டது, நோட்டீஸ் பீரியட் ஓடிக்கொண்டிருக்கிறது என்றால் இந்தக் காத்திருப்பெல்லாம் பொருந்தாது. அப்போது இரண்டு நாள் மௌனமே போதும், எழுதிவிடலாம்.

எழுதும் முன் நிறுவனத்தின் வேலைவாய்ப்புத் தளத்தில் உள்நுழைந்து உங்கள் விண்ணப்பத்தின் நிலையை ஒரு முறை பாருங்கள். பரிசீலனையில் இல்லை என்று அங்கே மாறியிருந்தால் முடிவு வந்துவிட்டது என்று பொருள், சொல்வதற்குத்தான் யாரும் இல்லை. ஜாப் ஐடியும் அங்கேதான் கிடைக்கும். விண்ணப்பித்த அன்று வந்த தானியங்கி மெயிலிலும் பெரும்பாலும் இருக்கும்.

டீம் மெயில் ஐடியை எடுக்கும் இடத்திலும் கவனம் வேண்டும். நிறுவனத்தின் சொந்த இணையதளத்திலிருந்தோ, நேர்காணல் அழைப்பு வந்த மெயிலிலிருந்தோ மட்டும் எடுங்கள். வாட்ஸ்அப் குழுவிலோ கூகுள் தேடலில் வரும் ஏதோ ஒரு பக்கத்திலோ கிடைக்கும் முகவரி மோசடிக்காரர்களுடையதாக இருக்கலாம். முகவரியில் அட் குறிக்குப் பின்னால் வருவது நிறுவனத்தின் பெயர்தானா, ஓர் எழுத்து மாறியிருக்கிறதா என்று பாருங்கள். பதிலுக்குப் பணம் கேட்டு மெயில் வந்தால் அது போலி, அதில் ஐயமே வேண்டாம். `no-reply@` என்று தொடங்கும் முகவரிக்கு எழுதிப் பயனில்லை, அதை யாரும் படிப்பதில்லை.

மெயில் எப்படி இருக்க வேண்டும்?

பெறுநர் இடத்தில் டீம் மெயில் ஐடி. சிசியில் அதுவரை நம்மிடம் பேசிய ரெக்ரூட்டர். இந்த இரண்டாவதைத்தான் பலர் தவிர்க்கப் பார்க்கிறார்கள், எனக்கோ அதுதான் முக்கியம் என்று படுகிறது. ரெக்ரூட்டரைச் சிசியில் வைத்தால் அவர் முதுகுக்குப் பின்னால் எதுவும் நடக்கவில்லை என்பது எல்லாருக்கும் தெரியும். அவர் அங்கேயே இருந்து, வேலைப் பளுவில் மறந்திருந்தால், தானே முந்திக்கொண்டு பதில் எழுதவும் வாய்ப்புக் கிடைக்கும். பிசிசி வேண்டாம், ஒளிக்க வேண்டியது எதுவும் இல்லை.

பழைய மெயிலுக்கே பதிலாக இதை அனுப்புங்கள், கீழே பழைய கடிதங்கள் தேதியோடு தெரியும். தலைப்பை மட்டும் மாற்றிவிடுங்கள். ஜிமெயிலில் தலைப்பை மாற்றினால் அது தனி உரையாடலாகப் பிரிந்துவிடும், ஆனாலும் பழைய கடிதங்கள் அடியில் இருக்கும். அதனால் கெடுதல் இல்லை.

நம் இன்ஜினியரின் மெயிலை ஆங்கிலத்தில்தான் எழுதுவார். அதன் உள்ளடக்கம் இதுதான்:

"தலைப்பு: ஜாப் ஐடி 48213, சீனியர் டெஸ்ட் இன்ஜினியர், மூன்றாம் சுற்று முடிந்தது, நிலவரம் கேட்டு

ஆள்சேர்ப்புக் குழுவினருக்கு வணக்கம்.

மேற்கண்ட பணியிடத்துக்கான மூன்றாம் சுற்று நேர்காணல் செப்டம்பர் 9 அன்று முடிந்தது. சிசியில் உள்ள உங்கள் குழு உறுப்பினர் இதுவரை எல்லாச் சுற்றுகளையும் ஒழுங்கு செய்து உதவினார். அவர் விடுப்பிலோ வேறு பணியிலோ இருக்கலாம் என்று நினைக்கிறேன். செப்டம்பர் 23, 30, அக்டோபர் 8 ஆகிய நாட்களில் அனுப்பிய மெயில்கள் கீழே உள்ளன.

என் விண்ணப்பம் இன்னும் பரிசீலனையில் உள்ளதா என்று மட்டும் தெரிவிக்க முடியுமா? இதை இப்போது வேறொருவர் கவனிக்கிறார் என்றால் அவருடைய தொடர்பு விவரம் தந்தால் போதும்.

வேறொரு நிறுவனத்துக்கு அக்டோபர் 24-க்குள் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது. உங்கள் பணியிடத்தில் எனக்கு ஆர்வம் இருப்பதால் அதற்கு முன் உங்களிடம் கேட்டுக்கொள்ள நினைத்தேன்.

நன்றி."

அடியில் முழுப் பெயர், விண்ணப்பத்தில் கொடுத்த அதே மெயில் ஐடி, அதே போன் நம்பர். வேறு ஐடியிலிருந்து எழுதினால் மென்பொருளில் உங்கள் விவரம் பொருந்தாது.

இதில் மூன்று நினைவூட்டல்களும் எப்படி வருகின்றன என்று பாருங்கள். "மூன்று முறை எழுதியும் யாரும் மதிக்கவில்லை" என்று அவர் எழுதவில்லை. தேதிகளை மட்டும் ஒரு வரியில் வைத்துவிட்டு நகர்ந்துவிடுகிறார். படிப்பவர் அவரே எண்ணிக்கொள்வார், நாம் அழுத்திச் சொல்ல வேண்டியதில்லை. ரெக்ரூட்டர் ஏன் பதில் தரவில்லை என்பதற்கு அவருக்குக் கௌரவமான காரணம் ஒன்றையும் நாமே கொடுத்துவிடுகிறோம். அவரைத் தாழ்த்தி ஒரு சொல் இருந்தால் அந்தக் குழுவில் இருப்பவர் தன் சக ஊழியரைக் காப்பாற்றத்தான் பார்ப்பார், நம் ஃபைலைத் தேட மாட்டார். இந்த மெயில் குழுத் தலைவருக்கும் மேனேஜருக்கும் அப்படியே ஃபார்வர்டு ஆகலாம் என்பதையும் மறக்க வேண்டாம். யார் படித்தாலும் நம்மைப் பற்றித் தவறாக நினைக்க இடம் கொடுக்காத மெயிலாக இருக்க வேண்டும்.

கேள்வியும் ஒன்றே ஒன்று. பரிசீலனையில் உள்ளதா, இல்லையா. ஆமாம், இல்லை என்று அரை நிமிடத்தில் பதில் சொல்லக்கூடியது. நேர்காணலில் எப்படிச் செய்தேன், சம்பளம் எவ்வளவு தருவீர்கள், வீட்டிலிருந்து வேலை பார்க்கலாமா என்றெல்லாம் சேர்த்துக் கேட்டால், பதில் சொல்ல மூன்று பேரைக் கேட்க வேண்டிவரும். அந்த மெயில் ஓரமாகப் போய்விடும்.

நம்மவர்களிடம் இன்னொரு பழக்கம் உண்டு. "சிரமத்துக்கு மன்னிக்கவும்" என்று தொடங்கி, அதையே நடுவில் ஒரு முறையும் முடிவில் ஒரு முறையும் எழுதுவார்கள். வீட்டு நிலைமை, அப்பாவின் உடல்நிலை, வங்கிக் கடன் எல்லாம் சேர்ந்துவிடும். அந்தக் கஷ்டங்கள் உண்மையானவை என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் படிப்பவரால் அவற்றை வைத்து எதுவும் செய்ய முடியாது, தர்மசங்கடப்படத்தான் முடியும். நேர்காணலுக்கு நேரம் ஒதுக்கிய ஒருவர் முடிவைக் கேட்பதில் மன்னிப்புக் கேட்க என்ன இருக்கிறது? ஒரு வணக்கமும் ஒரு நன்றியும் போதும்.

இன்னொரு ஆஃபர் இருப்பதைச் சொல்வது மிரட்டல் ஆகாதா என்று கேட்கலாம். உண்மையாக இருந்து, தேதியை மட்டும் சொன்னால் ஆகாது. குழுவுக்கு அது பயன்படும் தகவல்தான். மேனேஜரிடம் போய் "24-க்குள் சொல்லுங்கள்" என்று கேட்க ரெக்ரூட்டருக்கு ஒரு காரணம் கிடைக்கிறது. அந்த நிறுவனத்தின் பெயரையோ சம்பளத்தையோ எழுத வேண்டாம். இல்லாத ஆஃபரை இருப்பதாகச் சொல்லவும் வேண்டாம். "சரி, அதன் கடிதத்தை அனுப்புங்கள்" என்று கேட்டுவிட்டால் அந்த இடத்திலேயே எல்லாம் முடிந்துவிடும்.

ஒரே ஐடிக்கு மட்டும் அனுப்புங்கள். நேர்காணல் எடுத்தவர்களின் முகவரி காலண்டர் அழைப்பில் தெரியும் என்பதற்காக அவர்கள் எல்லாரையும் சேர்க்கக் கூடாது. ஆறு பேருக்குப் போன மெயிலுக்கு ஆறு பேருமே, வேறு யாராவது பதில் சொல்வார்கள் என்று இருந்துவிடுவார்கள். மேனேஜர் தானாக உங்களுக்கு எழுதி, ஏதாவது வேண்டுமானால் கேளுங்கள் என்று சொல்லியிருந்தால் அது வேறு விஷயம்.

பதில் வரும் விதங்கள்

பெரும்பாலும் நல்ல அறிகுறி, புதுப் பெயரிலிருந்து வரும் பதில். "உங்கள் விண்ணப்பத்தை இனி நான் பார்க்கிறேன்" என்று வந்தால் ஃபைல் ஆள் மாறிக் கிடந்திருக்கிறது என்று புரிந்துகொள்ளலாம். அவருக்கு நன்றி சொல்லி, மூன்றாம் சுற்று முடிந்த தேதியையும் உங்கள் கெடுவையும் மறுபடி ஒரு வரியில் கொடுங்கள். பழைய ரெக்ரூட்டரைப் பற்றி ஒன்றும் சொல்லாதீர்கள்.

பழைய ரெக்ரூட்டரே எழுதினால், டீமுக்கு எழுதியதைப் பற்றி அவர் குறிப்பிட்டாலும் குறிப்பிடாவிட்டாலும், "பதிலுக்கு நன்றி" என்று தொடங்கி விஷயத்துக்கு வந்துவிடுங்கள். பணியிடம் நிறுத்தி வைக்கப்பட்டிருக்கிறது என்று பதில் வந்தால் அதை வேண்டாம் என்பதன் நாகரிக வடிவமாகவே எடுத்துக்கொண்டு அடுத்த வேலையைப் பார்ப்பது நல்லது. மறுபடி திறந்தால் அவர்களே கூப்பிடுவார்கள், திறக்கும் வரை காத்திருப்பதில் உங்களுக்குத்தான் நஷ்டம்.

டிக்கெட் எண் மட்டும் வந்து வேறெதுவும் வரவில்லை என்றால், ஐந்து வேலை நாள் கழித்து அந்த எண்ணைத் தலைப்பில் வைத்து ஒரே ஒரு நினைவூட்டல் அனுப்பலாம். புது மெயிலாக எழுதினால் புது டிக்கெட் உருவாகி, வரிசையின் கடைசிக்குப் போய்விடும். பழைய டிக்கெட் மெயிலுக்கே பதிலாக எழுதுங்கள். நம் இன்ஜினியரின் கணக்கில் அந்த ஐந்து நாள் தீபாவளியில் போய்விடும், 24-ஆம் தேதிக் கெடு வந்துவிடும். அப்படியானால் அவர் 22-ஆம் தேதி புதனன்றே ஒரு வரி நினைவூட்டிவிட்டு, 24 அன்று மற்ற நிறுவனத்துக்குச் சம்மதம் சொல்லிவிட வேண்டும். பதில் தராத நிறுவனத்துக்காக எழுத்தில் வந்த ஆஃபரைக் கைவிடக் கூடாது. எழுத்தில் ஆஃபர் வராமல் இப்போதைய வேலையை ராஜினாமா செய்யவும் கூடாது.

அந்த நினைவூட்டலுக்கும் பதில் இல்லையென்றால் அந்த இடத்தில் நிறுத்திவிடலாம். தலைமை நிர்வாகிக்கு எழுதுவது, சமூக வலைத்தளத்தில் டேக் செய்வது, ரெக்ரூட்டரின் சொந்த எண்ணுக்கு வாட்ஸ்அப் அனுப்பிக்கொண்டே இருப்பது எதுவும் முடிவை மாற்றாது. அதே நிறுவனத்தில் இரண்டு ஆண்டு கழித்து வேறொரு இடம் வரலாம், உங்கள் பெயருக்கு எதிரே யாராவது எழுதி வைத்த குறிப்பு அப்போதும் அங்கே இருக்கும்.

கன்சல்டன்சி மூலம் போனவர்களுக்கு மட்டும் வழி வேறு. உங்களை அனுப்பியது ஏஜென்சி என்றால் முதலில் அந்த ஏஜென்சியின் பொது ஐடிக்கோ குழுத் தலைவருக்கோ எழுத வேண்டும். உங்களைச் சேர்த்தால் அவர்களுக்கு நிறுவனம் கட்டணம் தருகிறது. நீங்கள் தாண்டிப் போய் நிறுவனத்துக்கு நேரடியாக எழுதினால் இந்த ஆள் யார் மூலம் வந்தவர் என்ற பிரச்சினை கிளம்பும். அந்தத் தகராறு வேண்டாம் என்று விண்ணப்பத்தையே ஓரம் கட்டிவிடுவதும் உண்டு.

கடைசியாக, ஆள்சேர்ப்புப் பிரிவில் வேலை பார்ப்பவர்களிடம் ஒரு வேண்டுகோள். முடிவு தெரியாவிட்டால் "இன்னும் தெரியவில்லை" என்று எழுதுங்கள், அந்த ஒரு வரியை நம்பி ஒரு வீடே திட்டம் போட்டுக்கொண்டிருக்கும். விடுப்பில் போகும்போது தானியங்கிப் பதிலில் டீம் மெயில் ஐடியைச் சேர்த்துவிடுங்கள். வேலையை விட்டுப் போகும்போது, பாதியில் நிற்கும் விண்ணப்பதாரர்களின் பெயர்ப் பட்டியலை அடுத்தவரிடம் கொடுத்துவிட்டுப் போங்கள்.